நூறு சதவீதம் என்று பலகை சொன்னாலும்

லினக்ஸ் கணினிகள் பலவற்றின் முகப்பாக இருக்கும் க்னோம் மென்பொருளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பு வருகிறது. எல்லா மொழிகளுக்கும் அதே நாள்தான். தமிழ் முடியவில்லை, ஒரு வாரம் பொறுங்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. முடியாத வரி திரையில் ஆங்கிலத்திலேயே வரும்.

மொழிபெயர்ப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். யார் கையில் எந்தக் கோப்பு இருக்கிறது என்பதை ‘டேம்ன்ட் லைஸ்’ என்ற தளம் காட்டுகிறது. புள்ளிவிவரங்களைப் பொய்யோடு சேர்த்து வைக்கும் பழைய ஆங்கிலக் கேலியிலிருந்து வந்த பெயர் அது, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒருவர் வேலையைத் தொடங்குமுன் கோப்பைத் தன் பெயரில் ஒதுக்கிக்கொள்வார். முடித்துப் பதிவேற்றியதும் இன்னொருவர் சரிபார்ப்பார். அதன்பின் அது மூல நிரலோடு சேர வேண்டும். சரிபார்ப்பிலேயே தேங்கிவிட்ட கோப்பு, எவ்வளவு நன்றாக இருந்தாலும், பதிப்பில் இடம்பெறாது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. நிரலாளர் புதிய வரி ஒன்றைச் சேர்த்தால், msgmerge என்ற கருவி அதைப் போன்ற பழைய வரியைத் தேடி, அதன் மொழிபெயர்ப்பை எடுத்து ஒட்டிவைக்கும். இப்படி:

```
#, fuzzy
#| msgid "Delete file"
msgid "Delete folder"
msgstr "கோப்பை நீக்கு"
```

மேலே இருக்கும் fuzzy என்ற குறிக்கு, ‘ஊகம்தான், ஆள் பார்க்க வேண்டும்’ என்று பொருள். குறி இருக்கும்வரை அந்த மொழிபெயர்ப்பு பயன்படாது. பயனர் ஆங்கிலத்தைப் பார்ப்பார். அதில் பெரிய கேடில்லை. வெளியீட்டு அவசரத்தில் யாராவது வரியைப் படிக்காமல் குறியை மட்டும் எடுத்துவிட்டால்தான் வம்பு. கணக்கில் அது முடிந்த வரியாகிவிடும், பலகை நூறு சதவீதம் காட்டும். ஆனால் கோப்பை நீக்கு என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்தியவருக்குக் கோப்புறையே போய்விடும்.

இயந்திரச் சோதனையும் இதைப் பிடிக்காது. msgfmt -c என்ற கட்டளை, எண் வரவேண்டிய இடத்தில் %d விடுபட்டிருந்தால் கத்தும். பொருள் மாறியதை அது அறியாது. அதனால் சரிபார்ப்பவர் சதவீதத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், அண்மையில் குறி நீங்கிய வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு அவகாசம் கிடைக்கத்தான் வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே ‘ஸ்ட்ரிங் ஃப்ரீஸ்’ அறிவிக்கிறார்கள். அன்றிலிருந்து திரையில் தெரியும் ஆங்கில வரியை நிரலாளர் தம் விருப்பப்படி மாற்ற முடியாது. ஒரு சொல்லைத் திருத்தினாலும் எல்லா மொழிகளிலும் அந்த வரி மறுபடி fuzzy ஆகிவிடும் என்பதே காரணம். கட்டாயம் மாற்ற வேண்டுமென்றால், மொழிபெயர்ப்பை ஒருங்கிணைக்கும் குழுவிடம் காரணம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும்.