குடோனில் பார்கோடு: முதலாளிக்கு எழுதும் முன்மொழிவு

சிறிய குடோனில் பார்கோடு ஸ்கேனிங் வேண்டும் என்று முதலாளிக்கு எழுதப்படும் முன்மொழிவு பெரும்பாலும் ஸ்கேனரின் விலையில் தொடங்கும். படிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியதோ இப்போதைய முறையில் மாதாமாதம் எவ்வளவு நட்டமாகிறது என்பது. அந்தக் கணக்கு முதல் பக்கத்தில் இல்லாவிட்டால் மீதிப் பக்கங்கள் வெறும் செலவுப் பட்டியலாகத்தான் தெரியும்.

மாதிரிக்கு, இருசக்கர வாகன உதிரிபாகங்களை மொத்த விலையில் விற்கும் ஒரு குடோனை வைத்துக்கொள்ளலாம். ஆறு ஆட்கள், 2,400 வகைச் சரக்கு, நாளொன்றுக்கு 60 ஆர்டர். ஓர் ஆர்டரில் சராசரியாக எட்டு வரி இருந்தால், தினம் 480 வரிகளுக்குச் சரக்கு எடுத்துக் கட்ட வேண்டும். இரண்டு மாடல் வண்டிகளின் பிரேக் ஷூ பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; பெட்டியில் உள்ள பார்ட் நம்பரில் கடைசி எழுத்து மட்டும் மாறும். பார்சல் வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கடைசி எழுத்தை யாரும் நின்று படிப்பதில்லை.

நூறு வரிக்கு ஒன்று தவறினாலே நாளுக்கு ஐந்து தவறு. திரும்பி வரும் பார்சல் கூலி, மறுபடி அனுப்பும் கூலி, பில்லைத் திருத்தும் நேரம் எல்லாம் சேர்த்து ஒரு தவறுக்கு 120 ரூபாய் என்று வைத்தால், 25 வேலை நாளுக்கு 15,000 ரூபாய் ஆகிறது. வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடும் நட்டத்தை இதில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. நிரூபிக்க முடியாத ஒரு தொகையைச் சேர்த்தால் முதலாளி மற்ற தொகைகளையும் சந்தேகிப்பார். இந்த ‘நூறுக்கு ஒன்று’ என்பதையும் ஊகத்தில் எழுதக்கூடாது. முன்மொழிவு எழுதுவதற்கு முன் இரண்டு வாரம், திரும்பி வரும் ஒவ்வொரு சரக்கையும் காரணத்தோடு ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். உடைந்து வந்தவை, கடைக்காரரே தவறாக ஆர்டர் செய்தவை ஆகியவற்றைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். ஸ்கேனர் இவற்றைத் தடுக்காது.

செலவுப் பக்கத்தில் மூன்று ஸ்கேனருக்கு 18,000, லேபிள் பிரிண்டருக்கு 14,000, பில்லிங் மென்பொருளில் மாற்றம் செய்ய 25,000, வைஃபை போன்றவற்றுக்கு 8,000, முதல் தவணை லேபிளுக்கு 6,000 என்று கொள்ளலாம். பலர் எழுத மறப்பது கூலியை. இருக்கும் சரக்குக்கு லேபிள் ஒட்டவும் சரக்குப் பட்டியலைச் சீர் செய்யவும் இரண்டு ஆட்கள் இருபது நாள் உட்கார வேண்டும். நாளுக்கு 600 ரூபாய் என்றால் 24,000. ஆக மொத்தம் 95,000. மூன்று ஸ்கேனரைவிட இந்தக் கூலி அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே பாகம் இரண்டு பெயரில், இரண்டு எண்ணில் பதிவாகியிருக்கும் பட்டியலோடு ஸ்கேனிங்கைத் தொடங்கினால், சரியான பெட்டியை எடுத்தவரிடமே கருவி ‘தவறு’ என்று சொல்லும். ஒரு வாரம் அப்படி நடந்தால் ஆட்கள் ஸ்கேனரை மேசைக்கடியில் வைத்துவிடுவார்கள்.

ஐந்து தவறில் நான்கைத் தடுத்தால் மாதம் 12,000 மிச்சம். லேபிளுக்கும் பராமரிப்புக்கும் 3,000 போக 9,000 நிற்கும். போட்ட பணம் ஏறத்தாழ 11 மாதத்தில் திரும்பும். பாதித் தவறுகளை மட்டுமே தடுத்தால் மிச்சம் 7,500, கையில் நிற்பது 4,500. பணம் திரும்ப 21 மாதம் ஆகும். நல்ல முன்மொழிவு இரண்டு கணக்கையும் அடுத்தடுத்துக் காட்டும். முதல் கணக்கை மட்டும் காட்டினால் அது விற்பனைப் பிரதிநிதியின் பேச்சாகிவிடும்.

அடுத்து வருவது, எந்தப் பார்கோடைப் பயன்படுத்துவது என்பது. தயாரிப்பாளர் அச்சிட்ட 13 இலக்க எண் பெட்டியில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். அது 890 என்று தொடங்கினால் எண் இந்தியாவில் பதிவானது என்று பொருள். சரக்கு இங்கேதான் தயாரானது என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. பழைய விலையில் வந்த பெட்டிக்கும் புதிய விலையில் வந்த பெட்டிக்கும் ஒரே எண்தான் இருக்கக்கூடும். ஆகவே விலை வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க அந்த எண் மட்டும் போதாது. பார்கோடே இல்லாமல் பாலிதீன் பையில் வரும் புஷ், வாஷர் போன்றவற்றுக்குக் குடோன் தன் சொந்த எண்ணை அச்சிட வேண்டும். போல்ட், நட் போன்ற சில்லறைச் சரக்கில் ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டுவது வீண் வேலை; தட்டின் விளிம்பில் ஒன்று ஒட்டி, அதை ஸ்கேன் செய்துவிட்டு எண்ணிக்கையைத் தட்டச்சு செய்தால் போதும். லேபிளிலும் ஒரு கவனம் தேவை. ரிப்பன் இல்லாமல் சூட்டில் அச்சாகும் மலிவு லேபிள் தகரக் கூரைக்கடியில் மெல்ல மெல்லக் கறுத்தோ மங்கியோ போகும். நாள்பட இருக்கும் சரக்குக்கு ரிப்பன் வைத்து அச்சிடுவதே ஏற்றது.

நடைமுறையை மூன்று கட்டமாகப் பிரிப்பது வழக்கம். முதல் கட்டத்தில் அதிகம் நகரும் 300 வகைகள் மட்டும் ஸ்கேனிங்குக்கு வருகின்றன. அவை கட்டப்படும் மேசையில் மட்டும், பார்சல் மூடுவதற்கு முன், பில்லில் உள்ள வரியோடு ஒத்துப்பார்க்கப்படுகின்றன. பழைய காகித முறை நான்கு வாரம் கூடவே நடக்கும். கட்டும் மேசையில் தொடங்குவதற்குக் காரணம், தவறு வாடிக்கையாளரிடம் போய்ச் சேருவதற்கு முந்தைய கடைசி இடம் அதுதான் என்பது.

இரண்டாம் கட்டத்தில் சரக்கு இறங்கும் இடத்துக்கு ஸ்கேனிங் போகிறது. இங்கேதான் ஆபத்து அதிகம். லேபிள் மாறி ஒட்டப்பட்டால் அதற்குப் பிறகு எல்லோரும் அந்தப் பொய்யை நம்புவார்கள். கருவியும் பச்சை விளக்கே காட்டும். 48 பெட்டி இறங்கினால் 48 லேபிள் மட்டும் அச்சிட்டு, ஒட்டி முடித்த பின் சுருளைப் பார்க்க வேண்டும். இரண்டு மீந்தால் சரக்கு குறைவாக வந்திருக்கிறது, அல்லது இரண்டு பெட்டி லேபிள் இல்லாமல் தட்டில் ஏறிவிட்டது. அளவுக் குழப்பமும் இங்கேதான் பிறக்கிறது. பத்து பாகம் அடங்கிய அட்டைப்பெட்டியை ஸ்கேன் செய்தால் ஸ்டாக்கில் ஒன்று ஏறுகிறதா, பத்து ஏறுகிறதா என்பதை ஒவ்வொரு வகைக்கும் முன்கூட்டியே பதிந்துவைக்காவிட்டால், மாதக் கடைசியில் இருப்பு பத்து மடங்கு பிசகும்.

மூன்றாம் கட்டத்தில்தான் தட்டுகளுக்கு எண் கொடுத்து, ஆண்டுக்கொரு முறை குடோனை அடைத்துச் செய்யும் இருப்புக் கணக்கை விட்டு, வாரத்துக்குச் சில தட்டுகளாக எண்ணும் பழக்கம் வரும்.

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் எதைப் பார்த்து அடுத்ததற்குப் போவது என்பதையும் முன்மொழிவு சொல்ல வேண்டும். ‘எல்லாப் பார்சலும் ஸ்கேன் ஆகிறது’ என்ற அறிக்கை போதாது. அவசரத்தில் ஆட்கள் அடிக்கடி போகும் பாகங்களின் லேபிள்களை ஓர் அட்டையில் ஒட்டி மேசையில் வைத்துக்கொள்வதுண்டு. பெட்டியைத் தொடாமலே அந்த அட்டையை ஸ்கேன் செய்துவிடலாம். ஸ்கேன் நூற்றுக்கு நூறு என்று காட்டியும் திரும்பி வரும் சரக்கு குறையவில்லை என்றால் முதலில் தேட வேண்டியது இந்த அட்டையைத்தான். ஆகவே அளவுகோல், நோட்டில் குறித்த அந்தப் பழைய எண்தான்: நூறு வரிக்கு எத்தனை தவறு. நான்கு வாரத்தில் அது பாதியாகக்கூடக் குறையாவிட்டால் இரண்டாம் கட்டப் பணத்தைச் செலவிடக்கூடாது என்று குறிப்பிலேயே எழுதிவிடலாம். அந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் 300 வகைக்கான லேபிளும் கூலியும், ஒரு ஸ்கேனரும் பிரிண்டரும், மென்பொருள் மாற்றத்தின் ஒரு பகுதியும்தான் செலவாகியிருக்கும். மற்ற இரண்டு ஸ்கேனரை அதுவரை வாங்காமல் வைத்திருப்பது நல்லது.