தம்பியின் குடியும் அக்காவின் நிம்மதியும்

பிள்ளைச்சாவடி போன்ற மீனவ ஊரில், கடலுக்குப் போய் வந்த பங்குப் பணம் கைக்கு வந்த அன்றே சாராயக்கடையில் கரைந்துவிடும் வீடுகள் உண்டு. அப்படி ஒரு தம்பி இருந்தால், கடனை அடைப்பதும் முதலாளியிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்வதும் பெரும்பாலும் அக்காவின் வேலையாகிவிடுகிறது.

எதைத் தாங்கலாம், எதைத் தாங்கக்கூடாது

குடியால் வந்த கடனையும் வேலை இழப்பையும் அவனே சந்திக்கட்டும். அந்தப் பாரத்தை அக்கா சுமக்கும்வரை, நிறுத்த வேண்டிய தேவை அவனுக்குத் தெரியாது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் கணக்குப் பார்க்காமல் ஓட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் கடன் அடைகிறது, ஆஸ்பத்திரிக்கு மட்டும் தாமதமாகிறது.

பூட்டி வைத்துத் திருத்த முடியாது

நாள்தோறும் நிறையக் குடிப்பவரை அறையில் அடைத்து ஒரேயடியாக நிறுத்த வைப்பது ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்கு இடம், நேரம் தெரியாமல் போகும். இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகச் சொல்வார்கள். சுற்றியிருப்பவர்கள் இதைப் பேய் என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போவது உண்டு. இது மருத்துவ அவசரம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். உடனே 108ஐ அழையுங்கள். முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர் என்றால், மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது.

சோற்றில் மாத்திரை கலக்காதீர்கள்

டைசல்பிராம் என்ற மாத்திரையைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியலாம். விஷயம் தெரியாமல் அவன் குடித்தால் இதயமே நின்றுபோகக்கூடும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம்வரை இதன் தாக்கம் இருக்கும். தம்பியின் சம்மதமும் மருத்துவரின் பரிசோதனையும் இல்லாமல் இதைக் கொடுக்கவே கூடாது.

அக்காவுக்கும் சிகிச்சை உண்டு

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தாருக்கும் தனியாக ஆலோசனைத் திட்டம் வைத்தது. குடிப்பவரோடு வாழ்பவரும் நோய்ப்படுகிறார் என்று அங்கே புரிந்துகொண்டார்கள்.

தம்பி போதையில் இருக்கும்போது வாதாடாதீர்கள். காலையில் தெளிந்திருக்கும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள்: "பணம் தரமாட்டேன்டா. ஆஸ்பத்திரிக்கு வர்றதுன்னா இப்பவே கூட வர்றேன்." சொன்னதை மாற்றாதீர்கள். அவன் கை ஓங்கினால் குழந்தைகளோடு போய்த் தங்க ஒரு சொந்தக்காரர் வீட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள். அவன் சிகிச்சைக்கு வராவிட்டாலும் நீங்கள் ஆலோசனைக்குப் போகலாம். மனநல உதவிக்கு 14416, போதை மீட்புக்கு 14446. இரண்டும் கட்டணமில்லா எண்கள். இன்றே உங்களுக்காக ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்.