விற்காத சரக்கு யாருடையது?

கரூரிலிருந்து ஒரு வியாபாரி மும்பை ஏஜென்டுக்கு 1,000 போர்வைகளை கன்சைன்மென்டில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் அடக்கவிலை 300 ரூபாய். லாரி வாடகை மொத்தம் 20,000. ஆகவே ஒவ்வொன்றும் 320 ரூபாய். வழியில் 50 போர்வைகள் தொலைந்துவிட்டன. அந்த 16,000 ரூபாயைத் தனியே எடுத்து லாபநட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். காப்பீட்டுத் தொகை கிடைத்தால் மிச்சம்தான் நட்டம். அதை மற்றப் போர்வைகளின் தலையில் ஏற்றக்கூடாது.

வந்துசேர்ந்த 950 போர்வைகளை இறக்கிக் கிடங்கில் சேர்க்க ஏஜென்டுக்கு 4,750 செலவு. இப்போது ஒன்றின் அடக்கம் 325. அவர் 800 போர்வைகளைத் தலா 400 ரூபாய்க்கு விற்கிறார், விற்பனை 3,20,000. கிடங்கு வாடகையும் விற்பனைச் செலவும் 6,000, ஆறு சதவீதக் கமிஷன் 19,200.

மீதி 150 போர்வைகள் ஏஜென்டின் கிடங்கில் இருந்தாலும் கரூர்க்காரரின் சொத்துதான். மதிப்பு 325 வீதம் 48,750. பலரும் சறுக்குவது இங்கேதான்: கிடங்கு வாடகையையும் கமிஷனையும் இந்த மதிப்பில் சேர்த்துவிடுவார்கள். சரக்கைக் கிடங்குவரை கொண்டுவந்த செலவு மட்டுமே சேரும். பிறகு சந்தை விலை 325-க்குக் கீழே விழுந்திருந்தால், அந்தக் குறைந்த விலையையே போட வேண்டும்.

விற்ற 800-இல் தலா 75 வீதம் 60,000. செலவும் கமிஷனும் போக லாபம் 34,800. ஏஜென்ட் அனுப்ப வேண்டிய பணம் 2,90,050 ரூபாய்.