ஒரு கல்யாண ஆர்டரும் ஒரு விளம்பரக் கணக்கும்

இணையத்தில் புடவை விற்கும் ஒரு சிறு கடையை வைத்துக்கொள்வோம். கடை கற்பனைதான், ஆனால் இணைய வியாபாரம் செய்கிற எவருக்கும் இதன் கணக்கு பழகியதாகவே இருக்கும். ஒரு மாதம் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 50,000 ரூபாய் செலவு. ஒரு கிளிக்குக்குப் பத்து ரூபாய் வீதம் 5,000 கிளிக்குகள் வந்தன. அவற்றில் 60 பேர் வாங்கினார்கள். மொத்த விற்பனை 2,00,000 ரூபாய்.

விற்பனையைச் செலவால் வகுத்தால் 4. விளம்பரத்தில் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் நான்கு ரூபாய் விற்பனை. விளம்பரத் துறையில் இதை ரோஆஸ் என்பார்கள். இந்தக் கடைக்கு நூறு ரூபாய் விற்றால் நாற்பது ரூபாய் லாபம் நிற்கிறது என்றால், விளம்பரச் செலவை மீட்க ரோஆஸ் 2.5 இருந்தால் போதும். 4 வந்திருக்கிறது. அடுத்த மாதம் விளம்பரச் செலவை இரட்டிப்பாக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆர்டர் பட்டியலைத் திறந்து பார்த்தால் வேறு கதை. அறுபதில் 57 பேர் வாங்கியவை 800 முதல் 2,500 ரூபாய் வரையிலான பருத்திப் புடவைகள். சராசரி 1,500, மொத்தம் 85,500 ரூபாய். மற்ற மூவரும் பட்டு வாங்கினார்கள். ஒருவர் 18,000, இன்னொருவர் 24,500, மூன்றாமவர் கல்யாணத்துக்காகக் குடும்பத்துக்கே சேர்த்து 72,000 ரூபாய்க்கு. மாத விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே ஆர்டர். அந்தக் குடும்பம் வேறு கடையில் வாங்கியிருந்தால் ரோஆஸ் 2.56. லாபக் கோட்டை ஒட்டி நூலிழையில் நிற்கும் எண்.

அப்படியானால் 4 என்பது எவ்வளவு உறுதியான எண்? அதே விளம்பரம், அதே செலவு, அதே மாதிரி மக்கள். மாதம் மட்டும் திரும்ப நடந்தால் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குள் வரக்கூடும்? மாதத்தைத் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது. ஆனால் கையில் இருக்கும் 5,000 கிளிக்குகளைக் கொண்டே அதை ஓரளவு மதிப்பிட ஒரு வழி உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் பிராட்லி எஃப்ரான் 1979இல் வெளியிட்ட வழி அது. பெயர் பூட்ஸ்ட்ராப்.

செய்முறை எளிது. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். அந்தக் கிளிக்கில் வந்த விற்பனை என்ன என்பதுதான் சீட்டில் இருக்கும். 4,940 சீட்டுகளில் பூஜ்யம். 60 சீட்டுகளில் தொகை. எல்லாவற்றையும் ஒரு குடத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுங்கள். தொகையைக் குறித்துக்கொண்டு சீட்டைத் திரும்பக் குடத்திலேயே போடுங்கள். இப்படி 5,000 முறை எடுத்தால் ஒரு புதிய மாதம் கிடைக்கும். அதன் விற்பனையைக் கூட்டி 50,000ஆல் வகுத்தால் அந்த மாதத்தின் ரோஆஸ். இது ஒரு மறுமாதிரி. இதுபோல் பத்தாயிரம் மறுமாதிரிகள் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு இது சில விநாடி வேலை.

எடுத்த சீட்டைத் திரும்பப் போடுவதில்தான் விஷயமே இருக்கிறது. போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே 5,000 சீட்டுகள்தான் வெளியே வரும். ரோஆஸ் எப்போதும் 4ஆகவே இருக்கும். திரும்பப் போடுவதால் ஒரு சீட்டு ஒரு மறுமாதிரியில் வராமலே போகலாம், இரண்டு மூன்று முறையும் வரலாம். அந்த 72,000 ரூபாய்ச் சீட்டைக் கவனியுங்கள். நூறு மறுமாதிரிகளில் சுமார் 37இல் அது வரவே வராது. இன்னொரு 37இல் ஒருமுறை வரும். 18இல் இரண்டு முறை. மீதி எட்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ. கல்யாணக் குடும்பம் வராத மாதமும் இரண்டு குடும்பங்கள் வந்த மாதமும் இப்படித்தான் கணக்குக்குள் நுழைகின்றன.

பைத்தானில் எழுதினால் இவ்வளவுதான். `revenue`, `cost` இரண்டும் கிளிக் வாரியான NumPy அரேக்கள்:

```python
import numpy as np
rng = np.random.default_rng()
n = len(revenue)
roas = []
for _ in range(10000):
    i = rng.integers(0, n, n)
    roas.append(revenue[i].sum() / cost[i].sum())
print(np.percentile(roas, [2.5, 97.5]))
```

பத்தாயிரம் எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, அடியில் இரண்டரை சதவீதத்தையும் உச்சியில் இரண்டரை சதவீதத்தையும் ஒதுக்கிவிட்டால் நடுவில் நிற்பதுதான் நாம் தேடும் வரம்பு. நம் கடைக்கு அது சுமார் 1.7 முதல் 7.6 வரை. பத்தாயிரத்தில் ஏறக்குறைய 1,850 மறுமாதிரிகள் 2.5க்குக் கீழே விழுகின்றன. செலவை இரட்டிப்பாக்கும் முன் கடைக்காரர் பார்க்க வேண்டிய எண் இது. 4 என்று மட்டும் பார்த்தவருக்கு நஷ்டம் என்கிற பேச்சே எழாது. இந்தக் கணக்கைப் பார்த்தவருக்கோ, ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பில் அது பக்கத்திலேயே நிற்பது தெரியும்.

பாடப்புத்தகத்தில் உள்ள பழைய முறையும் ஒன்று உண்டு: சராசரியிலிருந்து இருபுறமும் இரண்டு திட்டப்பிழை. இங்கே அது சுமார் 0.8 முதல் 7.2 வரை என்று சொல்லும். கீழ் எல்லையைப் பாருங்கள். பட்டே விற்காமல் பருத்திப் புடவைகள் மட்டும் விற்றிருந்தாலும் ரோஆஸ் 1.7 வந்திருக்கும். அந்த 57 சிறு ஆர்டர்கள் ஒரே மாதத்தில் பாதியாகக் குறைவது நடக்கிற காரியமில்லை. இருபுறமும் சமமாக நீட்டுகிற சூத்திரத்துக்கு அது தெரியாது. தொகைகள் ஒரு பக்கம் நீண்ட வால் விட்டிருக்கும்போது வரம்பும் ஒரு பக்கமாகச் சாய வேண்டும். பூட்ஸ்ட்ராப்பில் அந்தச் சாய்வு தானாகவே வந்துவிடுகிறது.

இதைச் செய்பவர்கள் அடிக்கடி சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பூஜ்யச் சீட்டுகள் எதற்கு என்று எண்ணி, 60 ஆர்டர்களை மட்டும் குடத்தில் போட்டு 60 முறை எடுப்பார்கள். அப்போது ஒவ்வொரு மறுமாதிரியிலும் சரியாக 60 ஆர்டர்களே இருக்கும். ஆனால் உண்மையில் ஒரு மாதம் 48 வரும், ஒரு மாதம் 71 வரும். அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. நம் கடையில் பெரிய ஆர்டரின் ஆட்டமே எல்லாவற்றையும் மூடிவிடுவதால் இந்தப் பிழை வெளியே தெரியாது. கடையில் பருத்திப் புடவை மட்டுமே விற்கிறது, 60 ஆர்டர், சராசரி 1,500 என்று வைத்தால் ரோஆஸ் 1.8. ஆர்டர்களை மட்டும் குலுக்கினால் வரம்பு சுமார் 1.7 முதல் 1.9. கிளிக்குகளைக் குலுக்கினால் 1.3 முதல் 2.3. வெறும் அறுபது ஆர்டர்களை வைத்துக்கொண்டு யாராவது இவ்வளவு ஒடுங்கிய வரம்பைக் காட்டினால், குடத்துக்குள் எதைப் போட்டார்கள் என்று கேளுங்கள். அதேபோல் ஒரே வாடிக்கையாளர் பலமுறை கிளிக் செய்து பலமுறை வாங்குகிற கடையாக இருந்தால் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு சீட்டு எழுத வேண்டும். அவருடைய கிளிக்குகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை அல்ல.

இந்த முறைக்கு எட்டாத ஒன்றும் இருக்கிறது. குடத்தில் இல்லாத சீட்டு கைக்கு வராது. அந்தக் கல்யாணக் குடும்பம் இந்த மாதம் வராமல் அடுத்த மாதம் வந்திருந்தால், இந்த மாதக் கணக்கில் ரோஆஸ் 2.56, வரம்பு சுமார் 1.5 முதல் 4 வரை. பார்க்கத் திருத்தமாகவே இருக்கும். ஆனால் 72,000 ரூபாய்க்கு ஆர்டர் வரக்கூடிய கடை இது என்கிற செய்தியே அதில் இல்லை. வால் நீண்ட தொகைகளில் பூட்ஸ்ட்ராப் வரம்பு 95 சதவீதம் என்று பெயர் சொல்லிக்கொண்டாலும் உண்மையில் அதைவிடக் குறைவான முறைதான் சரியாக அமையும். வால் மிக மிக நீண்டு, திட்டவிலக்கம் என்ற ஒன்றே வரையறுக்க முடியாமல் போகிற தொகைகளில் சராசரிக்குச் சாதாரண பூட்ஸ்ட்ராப் செல்லாது என்று கே. பி. ஆத்ரேயா 1987இலேயே நிறுவிக்காட்டினார். புடவைக் கடைக்கு அந்த அளவு வால் கிடையாது. ஆனால் ஒரே ஆர்டர் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்திருக்கும்போது எச்சரிக்கை தேவை. சோதித்துப் பார்ப்பதும் சுலபம்: மிகப்பெரிய ஆர்டரை நீக்கிவிட்டு முழுக் கணக்கையும் இன்னொரு முறை போடுங்கள். முடிவே மாறுகிறது என்றால், வரம்பின் இரு முனைகளையும் அப்படியே நம்பக் கூடாது.

அதற்கு மருந்து கூடுதல் தரவுதான். ஒரு மாதத்துக்குப் பதில் நான்கு மாதங்களைச் சேர்த்தால் வரம்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகும். முகூர்த்த மாதங்களையும் ஆடியையும் ஒரே குடத்தில் போடுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் பட்டு எப்போது எவ்வளவு போகிறது என்பது ஒரு மாதத்தில் தெரியாது. இரண்டு விளம்பரங்களை ஒப்பிடும்போது சிலர் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்த ஆர்டரையும் 20,000 என்றே வைத்துக் கணக்கிடுவார்கள். எந்த விளம்பரம் மேல் என்று பார்க்க இது உதவும். கடையின் லாபத்தைச் சொல்ல உதவாது. வெட்டப்பட்ட 56,500 ரூபாயும் கல்லாவுக்கு வந்த பணம்தானே.

இது சிறு கடையின் தொல்லை மட்டுமல்ல. ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ் இருவரும் அமெரிக்காவில் நடந்த 25 பெரிய விளம்பரச் சோதனைகளை ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள். ஆள் ஒருவருக்கான விற்பனையின் திட்டவிலக்கம் சராசரியைப் போல் பத்து மடங்கு இருப்பது சகஜம் என்பது அவர்கள் கண்டது. பெரிய நிறுவனங்களே தங்கள் விளம்பரம் லாபமா நஷ்டமா என்று உறுதியாகச் சொல்லத் திணறியதற்கு அதுவே காரணம். அவர்கள் ஆராய்ந்தவை, விளம்பரம் பார்த்தவர்களையும் பார்க்காதவர்களையும் ஒப்பிட்ட சோதனைகள். நம் கடையின் கணக்கு அது இல்லை. அந்தக் கல்யாணக் குடும்பம் விளம்பரமே இல்லாமலும் இந்தக் கடைக்குத்தான் வந்திருக்குமா என்ற கேள்விக்கு எத்தனை மறுமாதிரி எடுத்தாலும் பதில் வராது.

உங்கள் விளம்பரத்தை ஓர் ஏஜென்சி பார்த்துக்கொள்கிறது என்றால், மாத அறிக்கையில் ரோஆஸ் எண்ணோடு நின்றுவிடாமல் ஆர்டர் வாரியான பட்டியலையும் கிளிக்குகளின் எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள். பெரிய ஆர்டர் இல்லாமல் ரோஆஸ் எவ்வளவு, வரம்பு என்ன, அதில் எவ்வளவு பங்கு உங்கள் லாபக் கோட்டுக்குக் கீழே விழுகிறது என்று பார்த்த பிறகு செலவைக் கூட்டுவதா என்று முடிவெடுங்கள்.