பசியில்லாத பசி

மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். மேலதிகாரியிடம் திட்டு வாங்கிவிட்டு வந்தவரின் கை தானாக மிக்சர் பொட்டலத்தைத் தேடுகிறது. வயிறு கேட்கவில்லை; பிறகு கேட்டது யார்?

பெரும்பாலும் கார்ட்டிசால். அதிர்ச்சி தாக்கிய முதல் சில நிமிடங்களில் அட்ரினலின் பசியை அடக்கிவிடும். ஆனால் மன அழுத்தம் நீடித்தால், சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலைக் கூடுதலாகச் சுரக்கும். அது பசியைக் கிளப்பும். இனிப்பையும் கொழுப்பையும் மூளையைத் தேட வைக்கும். அவற்றைத் தின்றதும் கொஞ்ச நேரம் மனம் லேசாகிறது. மூளை அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த திட்டுக்கும் அதே பொட்டலம்தான்!

எல்லோரும் இப்படியில்லை. அமெரிக்காவில் எலிசா எபெல் குழுவினர் 59 பெண்களுக்கு ஒருநாள் மன அழுத்தம் தரும் வேலைகளைக் கொடுத்து, பிறகு தின்பண்டங்களை முன்னே வைத்தார்கள். 2001-இல் வெளியான முடிவு இது: கார்ட்டிசால் அதிகம் சுரந்தவர்கள், குறைவாகச் சுரந்தவர்களைவிட அன்று கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அழுத்தமில்லாத நாளில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கவலை வந்தால் சோறே இறங்காதவர்களும் உண்டு.

அடையாளம் காண ஒரு வழி: உண்மைப் பசி மெல்ல வரும், இட்லி கிடைத்தாலும் அடங்கும். அழுத்தப் பசி திடீரென்று வந்து, ஜாங்கிரிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும்.