5 மார்க் கேள்விதான் கஷ்டமா? ஒரு கணித வினாத்தாள் எப்படி அடுக்கப்படுகிறது

போர்டு எக்ஸாம் முடிந்த அன்று சாயங்காலம் எல்லா சேனலிலும் ஒரே பேச்சு: "பேப்பர் ஈஸி", "பேப்பர் டஃப்". உங்கள் தம்பியோ அக்கா பையனோ வீட்டுக்கு வந்து, "5 மார்க்கெல்லாம் போட்டுட்டேன், 1 மார்க்தான் படுத்திருச்சு" என்று சொன்னால் உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் அவன் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஏன் என்று புரிய, சிபிஎஸ்இ 10-ஆம் வகுப்பு கணித வினாத்தாளைப் பிரித்துப் பார்ப்போம்.

வெளியே தெரியும் அடுக்கு

2024-25 பாடத்திட்டப்படி மொத்தம் 38 கேள்விகள், 80 மதிப்பெண், 3 மணி நேரம். ஏ பிரிவில் 20 கேள்விகள், தலா 1 மதிப்பெண். பி-யில் 5 கேள்விகளுக்குத் தலா 2, சி-யில் 6 கேள்விகளுக்குத் தலா 3, டி-யில் 4 கேள்விகளுக்குத் தலா 5. கடைசியாக இ பிரிவில், ஒரு சூழலை விவரித்துக் கேட்கும் 3 கேள்விகள், தலா 4 மதிப்பெண். கூட்டிப் பாருங்கள், 80 வரும்.

கவனித்தீர்களா? இந்தப் பிரிவுகள் பதிலின் நீளத்தையும் வடிவத்தையும் வைத்துப் பிரிக்கப்பட்டவை. ஏ-யிலிருந்து இ வரை கஷ்டம் படிப்படியாக ஏறும் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

உள்ளே இருக்கும் இரண்டு கணக்குகள்

கேள்வி எழுதுமுன் ஒரு ப்ளூபிரிண்ட் தயாராகும். அதில் முதல் கணக்கு, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு. இயற்கணிதத்துக்கு 20, வடிவியலுக்கு 15, முக்கோணவியலுக்கு 12 என்று 7 அலகுகளுக்கும் மதிப்பெண் முடிவாகியிருக்கும். இயற்கணிதத்தின் அந்த 20-ஐ ஆறு 1 மார்க், பிறகு ஒரு 2, ஒரு 3, ஒரு 4, ஒரு 5 என்று நிரப்பலாம். வேறு விதமாகவும் நிரப்பலாம், கூட்டுத்தொகை மாறாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது கணக்கு, கேள்வி எந்த வகைச் சிந்தனையைக் கேட்கிறது என்பது. ஸ்டாண்டர்டு கணிதத்தில் நினைவுக்கும் புரிதலுக்கும் 43 மதிப்பெண், தெரிந்ததைப் பயன்படுத்துவதற்கு 19, பகுத்தாய்வது போன்ற மேல்நிலைச் சிந்தனைக்கு 18.

2019-20 முதல் பேசிக் கணிதம் என்று தனித் தேர்வும் உண்டு. பாடத்திட்டம் அதேதான், 5 பிரிவுகளும் 80 மதிப்பெண்ணும் அதேதான். ஆனால் நினைவு-புரிதலுக்கு 60, பயன்படுத்த 12, மேல்நிலைக்கு வெறும் 8. எலும்புக்கூடு ஒன்றுதான், கஷ்டம் மட்டும் வேறு. இரண்டையும் வேறுபடுத்துவது பிரிவோ மார்க்கோ இல்லை, இந்த இரண்டாவது கணக்குதான்.

ஒரே பாடம், இரண்டு கேள்விகள்

இருபடிச் சமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். 360 கி.மீ. போகும் ரயிலின் வேகம் மணிக்கு 5 கி.மீ. கூடியிருந்தால் 1 மணி நேரம் மிச்சமாகும், அப்படியானால் வேகம் என்ன? இது 5 மார்க் கேள்வியாக வரக்கூடிய ரகம். விடை 40 கி.மீ. பாடப்புத்தகத்தில் இந்த ரகக் கணக்கைப் போட்டுப் பழகிய பையனுக்கு எழுதத்தான் நேரமாகும், யோசிக்க அல்ல.

இப்போது ஒரு 1 மார்க்:

kx² + kx + 1 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் சமம் எனில் k = ?
(அ) 0 (ஆ) 4 (இ) 0 அல்லது 4 (ஈ) −4

சூத்திரப்படி k² − 4k = 0. அதாவது k = 0 அல்லது 4. உடனே (இ)-யை டிக் அடிக்கத் தோன்றும். ஆனால் k = 0 என்றால் x² என்ற உறுப்பே காணாமல் போய்விடும், அது இருபடிச் சமன்பாடே இல்லை. சரியான விடை (ஆ). பாதி வழியில் நிற்பவரைப் பிடிக்கத்தான் (இ) அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே படிகளுக்கான பாதி மார்க்கும் கிடைக்காது.

எங்கே தவறுகிறது?

கஷ்டம் என்பது வினா தயாரிப்பவரின் மதிப்பீடு மட்டுமே. 'பகுத்தாய்வு' என்று அவர் குறித்த கேள்வியை ஒரு டியூஷன் சென்டர் ஏற்கெனவே பழக்கியிருந்தால், அந்த மாணவருக்கு அது நினைவுக் கேள்விதான்.

'அல்லது' கேள்விகள் இன்னொரு பலவீனமான இடம். இரண்டு தேர்வுகளும் ஒரே பாடம், ஒரே நிலையில் இல்லாவிட்டால், பக்கத்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த இருவர் வெவ்வேறு தேர்வு எழுதியதாகிவிடும்.

சரி, எழுதுபவருக்கு இதில் என்ன?

180 நிமிடத்தை 80-ஆல் வகுத்தால் ஒரு மார்க்குக்கு இரண்டேகால் நிமிடம். ஏ பிரிவு முழுவதற்கும் 45 நிமிடம். மேலே பார்த்த மாதிரி ஒரு கேள்வியில் 10 நிமிடம் சிக்கினால், அந்த ரயில் கணக்குக்கான நேரம் அங்கேயே போய்விடும். குறித்து வைத்துவிட்டு நகர்ந்து, கடைசியில் திரும்பி வருவதுதான் லாபம்.

அடுத்த முறை "பேப்பர் டஃப்" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவு, எந்தப் பாடம் என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி கஷ்டமா, நேரம் போதவில்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.