சின்னசேலத்தில் பாக்கெட் போட்டால் அது சின்னசேலத்து உளுந்தா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்து விளைகிறது. அதனால் சின்னசேலத்துக் கடையில் அரைக்கிலோ வெள்ளை உளுந்து வாங்குபவர், பாக்கெட்டின் பின்புறம் சின்னசேலம் முகவரியைப் பார்த்ததும் நம்மூர்க் காட்டில் விளைந்தது என்றே எடுத்துக்கொள்வார். அந்த முகவரி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மூட்டையைப் பிரித்துப் பாக்கெட் போட்டவர் யார் என்பது. உளுந்து எந்த நாட்டில் விளைந்தது என்பது தனிக் கேள்வி. அதற்கான பதில் பாக்கெட்டில் தனியாக இருக்க வேண்டும்.

இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மரில் விளைவது. வியாபாரிகள் இன்றும் 'பர்மா உளுந்து' என்றே சொல்கிறார்கள். ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்க 2021-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. சென்னைத் துறைமுகம் அதன் முக்கிய வாசல்களில் ஒன்று. அண்மை ஆண்டுகளில் பிரேசில் உளுந்தும் வருகிறது. கறுப்புத் தோலுடன் வருவதைப் பருப்பு மில்லில் தோல் நீக்கி, சிறு ஊர்களுக்கு மூட்டையாக அனுப்புகிறார்கள்.

பொதியிட்ட பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளின்படி, இறக்குமதிப் பொருளின் பொதியில் அது எந்த நாட்டினது என்று குறிப்பிட வேண்டும். இது 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறையும் இதையே கேட்கிறது. ஆனால் அதில் ஒரு விலக்கு உண்டு. இரண்டாவது நாட்டில் நடக்கும் பதப்படுத்தல் உணவின் தன்மையையே மாற்றிவிட்டால், அந்த இரண்டாவது நாடுதான் பிறப்பிட நாடு.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். 'மில்லில் தோல் நீக்கி உடைத்தாயிற்றே, இனி இது இந்தியப் பொருள்தானே?' என்று கேட்கத் தோன்றும். சுங்கவரிப் பட்டியல் இதற்கு நல்ல வழிகாட்டி. உலர்ந்த பருப்பு வகைகளுக்கான 0713 என்ற தலைப்பு, தோல் நீக்கினாலும் நீக்காவிட்டாலும், உடைத்தாலும் உடைக்காவிட்டாலும் பொருந்தும் என்றே எழுதப்பட்டிருக்கிறது. கறுப்பு உளுந்து வெள்ளை உளுந்தாகியும் தலைப்பு மாறவில்லை. அதே உளுந்தை மாவாக்கி அப்பளம் இட்டால் அது வேறு பொருள். என் கருத்தில், தோல் நீக்கிய மியான்மர் உளுந்து மியான்மர் உளுந்துதான். வெறுமனே எடைபோட்டுப் பாக்கெட்டில் அடைப்பவர் இந்த விலக்கைக் கோரவே முடியாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். சின்னசேலத்தில் ஒருவர் மில்லில் இருந்து 50 கிலோ மூட்டைகள் இருபது வாங்குகிறார். அரைக்கிலோ வீதம் போட்டால் 2,000 பாக்கெட். மூட்டையைப் பிரித்த பிறகு, இது எந்த நாட்டு உளுந்து என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். காகிதம் ஒன்றே சாட்சி. எனவே பிரிப்பதற்கு முன்பே மூட்டையின் லேபிளில் உள்ள நாட்டையும் லாட் எண்ணையும் பதிவேட்டில் எழுதி, இந்த 2,000 பாக்கெட்டுக்குத் தரும் பேட்ச் எண்ணை அதற்கு எதிரே குறிக்க வேண்டும். மூட்டையில் நாட்டின் பெயர் இல்லையென்றால் மில்லிடம் எழுத்தில் கேட்க வேண்டும். இறக்குமதியின்போது சுங்கத்தில் தாக்கல் செய்யும் 'பில் ஆஃப் என்ட்ரி'யில் அது இருக்கும். அதில் பிறப்பிட நாடு ஒரு கட்டம், சரக்கு அனுப்பிய நாடு இன்னொரு கட்டம். விற்றவர் சிங்கப்பூர் நிறுவனமாக இருந்தாலும் பாக்கெட்டுக்கு வேண்டியது முதல் கட்டத்தில் உள்ள பெயர்தான்.

நடைமுறையில் தவறு பெரும்பாலும் உறை அச்சடிக்கும்போதே நுழைந்துவிடுகிறது. செலவு குறையும் என்று ஆயிரக்கணக்கில் உறை அடித்து, 'இந்தியத் தயாரிப்பு' என்றும் சேர்த்துவிடுகிறார்கள். அடுத்த லாட் மியான்மரில் இருந்து வந்தால் அதே உறை பொய் சொல்கிறது. பிறகு ஸ்டிக்கர் ஒட்டித் திருத்தவும் முடியாது. இங்கே பொதியிடும் பாக்கெட்டில் கட்டாய விவரங்களைத் தனி ஸ்டிக்கரால் மாற்றுவதை விதி அனுமதிப்பதில்லை. விலை, மாதம், பேட்ச் எண் போலவே நாட்டின் பெயருக்கும் உறையில் இடம் விட்டு, பாக்கெட் போடும் நாளில் மெஷினில் அச்சிடுவதே சரி. ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே தமிழிலும் போடலாம், போட வேண்டும் என்பேன். நாட்டு உளுந்தையும் மியான்மர் உளுந்தையும் கலந்து போட்டால் இரண்டு நாட்டையும் சொல்வதே நேர்மை.

இது வெறும் எழுத்து விவகாரம் இல்லை. வெளிநாட்டு உளுந்து நம்மூர்ப் பெயரில் விற்றால், நாட்டு உளுந்துக்கென்று கூடுதல் விலை தர முன்வருபவரின் பணம் அதை விளைவித்த விவசாயிக்குப் போய்ச் சேராது. ஒரு லாட்டில் பூச்சிமருந்து எச்சம் கண்டறியப்பட்டாலும் எதைத் திரும்பப் பெறுவது என்று தெரியாது.

அடுத்த முறை உளுந்து வாங்கும்போது பாக்கெட் போட்டவரின் முகவரியோடு நிறுத்தாமல், நாட்டின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் இறக்குமதிச் சரக்கு என்று சொல்லியும் பாக்கெட்டில் நாடு இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.